லீசிங் ஆட்டோவை விற்கலாமா?

"ஐயா, லீசிங்கில் எடுத்த ஆட்டோவுக்கு 31 மாதம் கட்டிவிட்டேன், இன்னும் 17 மாதம் இருக்கிறது. புத்தகத்தில் என் பெயர்தான். ஓப்பன் பேப்பரில் கொடுத்தால் மிகுதியை வாங்குபவரே கட்டுவார் என்கிறார் தரகர். கொடுக்கலாமா?" – வாசகர், பரந்தன்

கொடுக்காதீர்கள். விற்பதற்கு உங்களிடம் இன்னும் ஆட்டோ இல்லை.

நான் ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பவன். எங்கள் பக்கத்தில் எந்த நிறுவனத்தின் இருசக்கர உழவு இயந்திரமானாலும் அதை 'லான்ட்மாஸ்டர்' என்றுதான் சொல்வோம். அதனால் யாருக்கும் கேடில்லை. 'லீசிங்' அப்படியல்ல. ஆங்கிலத்தில் அதற்குக் குத்தகை என்று பொருள். நம் பேச்சில் அது தவணைக்கு வாங்குவதாகிவிட்டது. நீங்கள் கையெழுத்திட்ட தாளில் குத்தகையாகவே இருக்கிறது. காலபோகத்துக்கு வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் அதை விற்பாரா? 'குத்தகை' என்று தமிழில் எழுதியிருந்தால் நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள். விளம்பரத்தைத் தமிழில் அடிக்கிறார்கள், தவணை கேட்டுத் தமிழில் திட்டுகிறார்கள், ஒப்பந்தத்தை மட்டும் ஆங்கிலத்தில் நீட்டுகிறார்கள்.

புத்தகத்தை மறுபடி பாருங்கள். உங்கள் பெயர் 'கரண்ட் ஓனர்' என்ற இடத்தில் இருக்கும். 'அப்சொலூட் ஓனர்' என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இரண்டாவதுதான் உண்மையான உடைமை.

'ஓப்பன் பேப்பர்' என்பது வாங்குபவர் பெயரை எழுதாமல் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மாற்றப் படிவம். கண்டாவளையிலிருந்து ஒருவர் என்னிடம் கடிதம் ஒன்றை வாசிக்கக் கொண்டுவந்தார். உழவு இயந்திரத்தை இப்படிக் கொடுத்திருந்தார். வாங்கியவர் இரண்டு தவணை கட்டிவிட்டு நிறுத்திவிட்டார். இயந்திரம் கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டது. கடிதம் அவருக்கும் பிணை நின்ற மைத்துனருக்கும் வந்தது. தரகர் தரகுக் காசோடு போய்விட்டார். அவருடைய பெயர்தான் எந்தத் தாளிலும் இல்லையே!

ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே சொந்தமான வாகனத்தை வைத்துப் பணம் எடுப்பதையும் ஊரில் 'லீசிங் போடுவது' என்பார்கள். தாளில் 'மோட்கேஜ்' என்றிருந்தால் அது ஈடு. வாகனம் உங்களுடையது, கடனை அடைத்தால் போதும். ஆனால் அப்படிப் பணம் எடுக்கும்போது வாகனத்தையே நிறுவனத்துக்கு விற்று, அதையே திரும்பக் குத்தகைக்கு எடுத்ததாகவும் எழுதுவார்கள். கையில் வந்த காசு ஒன்றுதான், வண்டியும் முற்றத்தில்தான் நிற்கிறது. ஆனால் உடைமை போய்விட்டது. ஆகவே தலைப்பில் 'லீஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விற்றே ஆகவேண்டுமென்றால், இன்றைக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 'செட்டில்மென்ட்' என்றால் அவர்களுக்குப் புரியும். வாங்குபவர் அந்தத் தொகையை உங்களோடு வந்து நிறுவனத்திலேயே கட்டட்டும். விடுவிப்புக் கடிதத்தை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிறுவனத்தின் பெயரை நீக்குங்கள். அதன்பிறகு, வாங்குபவரின் பெயரும் தேதியும் எழுதிய படிவத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள்.