பிராசஸிங் ஃபீஸ் போனது போகட்டும், வட்டி க்ளாஸைப் படிச்சீங்களா?

கேள்வி: சார், ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனில 30 லட்சம் வீட்டு லோன், 20 வருஷம், 8.5% ஃபுளோட்டிங்னு சாங்ஷன் ஆயிருக்கு. பிராசஸிங் ஃபீஸ் 17,700 கட்டினதுக்கப்புறம் ஏஜென்ட் போனே எடுக்கல. பேங்க்ல கேட்டா இப்ப ஃபீஸே இல்லைங்கறான். லேட்டானா மாசம் 2% பீனல் சார்ஜாம். வியாழக்கிழமை கையெழுத்து. ஃபீஸை திரும்ப வாங்க கேஸ் போடலாமா?

பதில்: போட வேணாம். அப்ளிகேஷன்லயே திரும்பத் தரமாட்டோம்னு எழுதி உங்க கையெழுத்து இருக்கும், ஏஜென்ட் போன் எடுக்காதது கோர்ட்டுக்கு ஒரு விஷயமே இல்ல. பீனல் சார்ஜ்ல ஒண்ணே ஒண்ணு பாருங்க, 2% பாக்கி நிக்கிற தவணைக்கா இல்ல மொத்த லோனுக்கான்னு. தவணைக்குன்னா மாசம் 520 ரூபா சொச்சம், அதோட போச்சு. அந்த சார்ஜை அசல்ல சேத்து அதுக்கும் வட்டி போடக்கூடாதுன்னு 2023 ஆகஸ்ட்லயே ஆர்பிஐ சொல்லிடுச்சு.

உங்க கேஸ்ல விஷயமே வட்டி க்ளாஸ்தான். 8.5%ங்கறது எதோட சேந்து ஏறி இறங்கும்? பேங்க்னா 2019 அக்டோபர்லேந்து புது வீட்டு லோனை ஆர்பிஐ பேங்க்குகளுக்குக் கடன் குடுக்கற ரெப்போ மாதிரி வெளி ரேட்டோட கட்டியாகணும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்ல, அவங்களே வச்சிருக்கற பிஎல்ஆர்ங்கற அடிப்படை வட்டிலேந்து இத்தனை பர்சன்ட் கழிச்சுன்னு எழுதுவாங்க, அதை ஏத்தறது இறக்கறது "கம்பெனியின் விருப்பம்"னு பக்கத்துலயே ஒரு வரி இருக்கும். என்கிட்ட வர்றவங்க விழுந்ததெல்லாம் இங்கதான். வட்டி ஏறுறப்ப பிஎல்ஆர் உடனே ஏறும், குறையறப்ப புதுசா வர்றவனுக்கு மட்டும் கழிவைக் கூட்டிக் குடுப்பாங்க, உங்களுது அப்படியே நிக்கும், கேட்டா கன்வர்ஷன் ஃபீஸ் கட்டுங்கன்னு சொல்வாங்க.

இது ஏன் கண்ணுக்குத் தெரியாதுன்னா ஈஎம்ஐ மாறாது. உங்களுக்கு மாசம் 26,035 வரும். ஆரம்பத்துலயே ரேட் 9.5% ஆச்சுன்னு வைங்க, அதே ஈஎம்ஐல கட்டினா 20 வருஷம் கிட்டத்தட்ட 25 வருஷம் 9 மாசமா நீளும். தவணையை 27,964 ஆக்கியிருந்தா 20லயே முடிஞ்சிருக்கும். ரேட் மாறுறப்ப ஈஎம்ஐயைக் கூட்டறதா, காலத்தை நீட்டறதான்னு உங்களைக் கேக்கணும்னு அதே 2023 ஆகஸ்ட்ல ஆர்பிஐ போட்ட இன்னொரு உத்தரவு இருக்கு, ஆனா வர்ற எஸ்எம்எஸ்ஸை யாரும் படிக்கறதில்ல, ரிட்டையர் ஆகப்போறப்ப ஸ்டேட்மென்ட்டோட வந்து உக்காருவாங்க.

அதனால வியாழனுக்கு முன்னாடி அக்ரிமென்ட் காப்பியை மெயில்ல வாங்குங்க, ஷெட்யூல்ல ரேட், கழிவு ரெண்டும் காலியா இருந்தா கையெழுத்து போடாதீங்க. க்ளாஸை மாத்துங்கன்னா மாத்தமாட்டாங்க, அச்சடிச்ச ஃபார்ம். என்னைக் கேட்டா 17,700ஐ விட்டுட்டு அந்த பேங்க்குக்கே போங்க. வீடு விக்கறவரோட போட்ட அக்ரிமென்ட்ல கெடு நெருங்கி அட்வான்ஸ் போயிடும்னா மட்டும் இங்கயே போட்டுட்டு அப்புறமா பேங்க்குக்கு மாத்திக்கலாம், தனிநபர் ஃபுளோட்டிங் வீட்டு லோன்ங்கறதால முன்கூட்டி அடைக்க சார்ஜ் கிடையாது, வீட்டுப் பத்திரத்தை அடமானமா வச்சதைப் பதியற எம்ஓடி செலவுதான் மறுபடி வரும்.