கடையின் இணையதளம் படுத்துவிட்டால் சமூக ஊடகப் பதிவின் கேப்ஷனில் என்ன எழுதுவது?

கேள்வி: எப்போது சரியாகும் என்று எங்களுக்கே தெரியாது. வாடிக்கையாளர்களிடம் என்ன நேரம் சொல்வது?

சரியாகும் நேரத்தைச் சொல்லாதீர்கள், அடுத்து நீங்கள் பேசப்போகும் நேரத்தைச் சொல்லுங்கள். 'ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும்' என்று போட்டுவிட்டு அது மூன்று மணி நேரம் இழுத்தால், தளம் படுத்ததைவிட நீங்கள் சொன்ன பொய்தான் பெரிதாகத் தெரியும். '11.30-க்கு அடுத்த தகவல்' என்பது உங்கள் கையில் இருக்கிற விஷயம். 11.30-க்குப் புதிதாக எதுவும் இல்லையென்றாலும் 'இன்னும் சரியாகவில்லை, அடுத்தது 12.15-க்கு' என்று வந்து சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: 'சிலருக்குச் சிறு தடங்கல்' என்று எழுதினால் பதற்றம் குறையுமே?

குறையாது. ஆர்டர் போட முடியாமல் நிற்பவருக்கு அது சிறு தடங்கல் இல்லை. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பெயர் சொல்லி எழுதுங்கள், போதும்.

கேள்வி: பணம் கட்டும் பக்கம் நடுவில் நின்றுவிட்டது, சிலருக்குப் பணம் போய்விட்டது, ஆனால் ஆர்டர் பதிவாகவில்லை. இதையும் கேப்ஷனில் சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும், அதுவும் மேலேயே. இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடங்கிவிடும்; அந்த இடத்தை 'அன்பான வாடிக்கையாளர்களே, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று வீணாக்கினால், அதற்குள் ஒருவர் இரண்டாவது முறை பணம் கட்டியிருப்பார். இப்படி எழுதலாம்:

> மார்ச் 12, காலை 10.40 முதல் பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை. பணம் போயிருந்தால் மறுபடி கட்டாதீர்கள். பொருள்களைப் பார்க்கலாம், ஆர்டர் மட்டும் போட முடியாது. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அடுத்த தகவல் 11.30-க்கு, இதே பதிவில். மன்னிக்கவும்.

பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று இதில் இல்லை, கவனித்தீர்களா? அது வங்கியையும் பணப் பரிமாற்ற நிறுவனத்தையும் பொறுத்தது, அவர்களிடம் கேட்காமல் நாள் குறிக்காதீர்கள். 'உங்கள் தகவல்கள் பாதுகாப்பாக உள்ளன' என்ற வரியும் அப்படித்தான், தொழில்நுட்ப ஆள் பார்த்து உறுதி சொல்லாதவரை வேண்டாம்.

கேள்வி: சரியானதும் பதிவை நீக்கிவிடலாமா?

வேண்டாம். நீக்கினால், பணம் போனவர் திரும்பி வந்து தேடும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அதே கேப்ஷனைத் திருத்தி, முதல் வரியாக 'மார்ச் 12, மதியம் 12.10: சரியாகிவிட்டது, ஆர்டர் போடலாம்' என்று சேருங்கள், பழைய வரிகள் கீழே இருக்கட்டும். அப்புறம், பதிவுகள் பலருக்கு இரண்டு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும் என்பதால் 'இன்று', 'இப்போது' என்று எழுதாமல் தேதியும் நேரமும் போடுங்கள். வேறு நாடுகளிலும் வாடிக்கையாளர்கள் இருந்தால் எந்த ஊர் நேரம் என்பதும் வேண்டும். படத்துக்குள் எழுதிய நேரத்தைப் பிறகு திருத்த முடியாது, அதனால் படத்தில் 'ஆர்டர் சேவையில் கோளாறு, விவரம் கீழே' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.