ஒரு ஃபர்னஸை அணைத்தால் மற்றவை ஏன் தடுமாறுகின்றன?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்டில் நாலு ஃபர்னஸ். நாலு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் ஒரே ஆர்எஸ்-485 ஒயரில், மாட்பஸ் வழியாக ஓபிசி சர்வருக்கு வருகின்றன. ஸ்காடா அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாலாவது ஃபர்னஸை ஆஃப் செய்தால் மற்ற மூன்றின் ரீடிங்கும் மூணு செகண்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. ஸ்கேன் ரேட்டை 100 மில்லிசெகண்டாகக் குறைத்தும் பலனில்லை. வேறு சர்வர் வாங்கணுமா சார்?

பதில்: வாங்க வேண்டாம். ஓபிசி சர்வர் ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. ஒரு பக்கம் கன்ட்ரோலருடன் மாட்பஸில் பேசுகிறது, மறுபக்கம் ஸ்காடாவுக்கு அதை ஓபிசியில் சொல்கிறது. உங்கள் சிக்கல் முதல் பக்கத்தில், அந்த ஒயரில் இருக்கிறது.

ஒரே ஒயர் என்பதால் சர்வர் ஒவ்வொரு கன்ட்ரோலராகத்தான் கேட்க முடியும். 9600 பாட் வேகத்தில் பத்து ரெஜிஸ்டர் படிக்க, கேள்வியும் பதிலுமாக 33 பைட். அதற்கு சுமார் 35 மில்லிசெகண்ட். கன்ட்ரோலர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலுக்கும் 200 ஆகிவிடும். அப்படியிருக்க 100 என்று போட்டு என்ன பயன்? ஃபர்னஸ் வெப்பநிலைக்கு ஒரு செகண்டே தாராளம்.

இப்போது நாலாவது ஆஃப். பதில் வராது. பல சர்வர்களில் ஒரு செகண்ட் காத்திருப்பு, மூன்று முயற்சி என்றுதான் ஆரம்ப அமைப்பு இருக்கும். ஆக மூணு செகண்ட் ஒயர் சும்மா கிடக்கிறது. மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன. உங்கள் மூணு செகண்ட் கணக்கு இதுதான். சர்வரில் நாலாவது டிவைஸை மட்டும் டிஸேபிள் செய்து பாருங்கள். மற்றவை உடனே ஒழுங்காக ஓடினால் காரணம் உறுதி.

சரி, தீர்வு. டைம்அவுட்டை 300 மில்லிசெகண்டாக இறக்குங்கள். நல்ல கன்ட்ரோலர்களும் அவ்வப்போது எரர் காட்டினால் கொஞ்சம் ஏற்றுங்கள். அப்புறம், பதில் தராத டிவைஸைச் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கும் வசதி உங்கள் சர்வரில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மூன்று முறை தவறினால் 30 செகண்ட் விட்டுவிடு என்று அமையுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் ஸ்காடா திரை. ஓபிசியில் ஒவ்வொரு மதிப்புடனும் அதன் தரமும் நேரமும் சேர்ந்தே வரும். ஃபர்னஸ் அணைந்ததும் தரம் `Bad` ஆகிவிடும். ஆனால் தரத்தைப் பார்க்காத திரை, கடைசியாக வந்த 740 டிகிரியையே காட்டிக்கொண்டிருக்கும். ஷிஃப்ட் மாறி வரும் ஆபரேட்டர் அதை நம்பிவிடுவார். தரம் `Good` இல்லையென்றால் எண் சாம்பல் நிறமாகட்டும். பதிவிலும் அது ஏறக்கூடாது.

இதை எண்ணாக எழுதும்போது ஒரு கண்ணி உண்டு. பழைய ஓபிசி டிஏவில் 192 என்றால் நல்லது, 0 என்றால் கெட்டது. ஓபிசி யுஏவில் 0 தான் நல்லது. உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு நிபந்தனையை எழுதுங்கள்.