முதலில் பிரிக்க வேண்டியது யூனிட் கணக்கை

கேள்வி: திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 38,000. கணவர் பவர்டேபிள் தையல் யூனிட் வைத்து, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். என் சம்பளக் கணக்கில் அவர் பெயரையும் சேர்த்திருக்கிறோம். யூனிட் பணமும் அதில்தான் வந்து போகிறது. போன மாதம் வீட்டுக் கடன் தவணை திரும்பிவிட்டது. எனக்கென்று ஒரு கணக்கு வேண்டும். ஆனால் 'தனிக் கணக்கு' என்று சொன்னாலே வீட்டில் 'தனிக்குடித்தனம்' என்று காதில் விழும். எப்படிச் சொல்வது?

பதில்: பேச்சை உங்கள் சம்பளத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கணக்கிலிருந்து முதலில் வெளியே போக வேண்டியது யூனிட் பணம். அது போன பிறகு உங்களுக்கு ஒரு கணக்கு, அவருக்கு ஒரு கணக்கு என்பது தானாக அடுத்த படியாக வந்து நிற்கும். இது பேச்சுச் சாமர்த்தியம் இல்லை, உள்ள நிலைமையே இதுதான். அதனால் சொல்லும்போது குரல் தடுமாறாது.

பேசுவதற்கு முன் ஒரு ராத்திரி வேலை இருக்கிறது. கடைசி மூன்று மாத ஸ்டேட்மெண்டை அச்செடுத்து, யூனிட் வரவு செலவை ஒரு நிறத்திலும் வீட்டுடையதை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். எதற்கென்று தெரியாத வரிகளை வெறுமனே விடுங்கள். அவற்றைப் பற்றி இப்போது கேட்கவும் வேண்டாம்.

உங்கள் அளவு யூனிட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 2,90,000 பில் பணம் வருகிறது. சனிக்கிழமைக்கு 48,000 வீதம் நான்கு வாரக் கூலி 1,92,000. வாடகை, கரண்ட், நூல், ஊசி, டெம்போ எல்லாம் 44,000. மிச்சம் 54,000. இதோடு உங்கள் 38,000 சேர்ந்தால் 92,000. வீட்டுச் செலவு தவணையோடு 58,000. அதாவது மாத வருமானம் பற்றாமல் தவணை திரும்பவில்லை. நடந்தது இப்படித்தான் இருக்கும்: சம்பளம் ஒன்றாம் தேதி விழுந்தது. நான்காம் தேதி சனிக்கிழமை, கூலி 48,000 போனது. வர வேண்டிய பில் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. ஐந்தாம் தேதி 17,400 தவணைக்குக் கணக்கில் இருந்தது 11,200. பில் பணம் ஜாப் ஒர்க் கொடுப்பவர் தரும்போதுதான் வரும்; கூலி சனிக்கிழமை தவறாது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் வீட்டுத் தவணை மாட்டிக்கொண்டது. இதில் யார் மேலும் தப்பு இல்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும். பேச்சுக்கு உங்களுக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவரே ஒத்துக்கொள்வார். அவருக்கு ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் டிடிஎஸ் பிடிப்பது அவர் பான் எண்ணில். பணம் விழுவதோ உங்கள் பெயர் முதலில் இருக்கும் கணக்கில். சேமிப்புக் கணக்குகளில் ஒரு நிதியாண்டில் ரொக்கமாகப் போட்டது 10 லட்சத்தைத் தொட்டால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். கூட்டுக் கணக்கு என்றால் உங்கள் பெயரிலும் அது பதிவாகும். சம்பளக்காரரான உங்களிடம் விளக்கம் கேட்டால், யூனிட் பில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் போக வேண்டியவர் அவர்தான். ஜிஎஸ்டி பாக்கி என்று ஏதாவது சிக்கல் வந்து துறை கணக்கை முடக்கினாலும் இதே கதைதான்: உங்கள் சம்பளமும் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும் சேர்ந்தே நிற்கும். போதாததற்கு, சேமிப்புக் கணக்கு தொழில் வரவு செலவுக்கானது இல்லை. மேனேஜர் கூப்பிட்டு 'கரண்ட் அக்கவுண்டுக்கு மாத்திக்குங்க' என்று சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பேச சனிக்கிழமை வேண்டாம். கூலி கொடுத்து முடித்து வருகிற மனுசன் பணம் என்ற வார்த்தையையே கேட்க விரும்ப மாட்டார். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அத்தை தூங்கியதும், தாளை முன்னால் வைத்து ஆரம்பியுங்கள்:

"ஏனுங் மாமா, தவணை ஏன் திரும்புச்சுன்னு பாத்தனுங்க. மொத நாள் கூலி போயிருக்குது, பில்லு வரல. கம்பெனிக் காசும் வூட்டுக் காசும் ஒரே எடத்துல கெடக்கறதால நமக்கே தெரிய மாட்டீங்குது. கம்பெனிக்கு உங்க பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட் போட்டரலாமுங்களா?"

இங்கே நிறுத்திவிடுங்கள். அவர் தாளைப் பார்க்கட்டும். 'சரி' என்றோ 'பாக்கலாம்' என்றோ சொன்ன பிறகு இரண்டாவது பாதி: "இந்தக் கணக்கு வூட்டுக் கணக்காவே இருக்கட்டுமுங்க, ரெண்டு பேரும் மாசாமாசம் இவ்வளவுன்னு போட்டரலாம். மிச்சத்த நீங்க உங்க கணக்குல, நான் என்ற கணக்குல வெச்சுக்கலாமுங்க." 'நீங்க உங்க கணக்குல' என்பதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு மட்டும் ஒரு கணக்கு என்றால் அது பிரிவினை போலக் கேட்கும். இருவருக்கும் என்றால் வீட்டு ஏற்பாடு.

அநேகமாக ஒரு கேள்வி வரும்: "ஏன், என்ற மேல நம்பிக்கை இல்லையா?" அதற்கு 'நம்பிக்கை இருக்கு, ஆனா...' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்லுங்கள்: "என்ற கணக்குக்கு நாமினி நீங்கதானுங்க. மாசம் ஒருக்கா ரெண்டு பேர் ஸ்டேட்மெண்டையும் சேந்து பாத்துக்கலாம்." நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அதற்கு உரிமை யாருக்கு என்பதை வாரிசுச் சட்டம்தான் முடிவு செய்யும். ஆனாலும் அவர் பெயரைப் பாஸ்புக்கில் பார்ப்பது ஆயிரம் சமாதானத்துக்குச் சமம். பின் நம்பரையும் ஓடிபியையும் மட்டும் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். கணக்கைப் பார்க்கவிடுவது வேறு, இயக்கவிடுவது வேறு.

யார் எவ்வளவு போடுவது என்பதைப் பாதிப் பாதியாக வைக்க வேண்டாம், வரும்படி விகிதத்தில் வையுங்கள். மிச்சமான 54,000-ல் 12,000-ஐ யூனிட்டிலேயே கையிருப்பாக விட்டு, மாதம் 42,000-ஐ அவர் தன் சம்பளமாக எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 38,000-உம் சேர்ந்து மொத்தம் 80,000. வீட்டுக்கு வேண்டியது 58,000. விகிதப்படி உங்கள் பங்கு சுமார் 27,500, அவருடையது 30,500. அவர் யூனிட் வாரக் கணக்கில் ஓடுவதால் மாதத் தொகை கேட்டால் தள்ளிப்போகும். சனிக்கிழமை கூலி எடுக்கும்போதே 7,700 வீட்டுக் கணக்குக்கு என்று வைத்தால் நான்கு வாரத்தில் 30,800 வந்துவிடும். வருசத்தில் நாலு மாசத்துக்கு ஐந்து சனிக்கிழமை வரும். அந்தக் கூடுதல் 30,800 தீபாவளித் துணிமணிக்கும் சீர் செலவுக்கும் ஆகும். உங்களிடம் மாதம் 10,500 மிஞ்சும், அவரிடம் ஏறக்குறைய 11,000. அதற்கு ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்கக் கூடாது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். வீட்டில் சொல்லாமல் முதலில் எச்ஆரிடம் புதுக் கணக்கு எண் கொடுத்துவிட்டு, ஒன்றாம் தேதி சம்பளம் வரவில்லையே என்று அவர் கேட்கும்போது விளக்கினால், நீங்கள் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அது ஒளித்தது போலத்தான் இருக்கும். முதல் மாதம் கரண்ட் அக்கவுண்டை மட்டும் முடியுங்கள். பில் புத்தகத்திலும் ஜிஎஸ்டி போர்ட்டலிலும் புது எண்ணைப் போட்டு, ஜாப் ஒர்க் கொடுப்பவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். என்ன சொன்னாலும் ஒன்றிரண்டு பில் பழைய கணக்கிலேயே விழும், அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இரண்டாவது மாதம் உங்கள் கணக்கைத் திறந்து, நாமினி போட்டு, சம்பளத்தை மாற்றுங்கள். அங்கிருந்து வீட்டுக் கணக்குக்கு 27,500 தானாகப் போக ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்சன் கொடுங்கள். தேதி, சம்பளம் விழுவதற்கு மறுநாள். தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் பழைய கணக்கிலேயே பிடிக்கட்டும், அவற்றைத் தொடவே வேண்டாம்.

இதில் சம்பளம் சில மாதம் ஏழாம் தேதி வரைக்கும் இழுக்கும். தவணையோ ஐந்தாம் தேதி. ஒரு தவணைக்குச் சற்று மேலாக, 20,000 ரூபாய், வீட்டுக் கணக்கில் எப்போதும் கிடக்க வேண்டும். அது சேரும்வரை இருவரும் மிச்சத்திலிருந்து கொஞ்சம் கூடப் போடுங்கள். இன்னொன்று: பழைய கணக்கில் சம்பளம் வருவது நின்றால் சில மாதத்தில் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றி, குறைந்தபட்ச இருப்பு கேட்கலாம். அது எவ்வளவு என்று முன்பே கேட்டு, அந்த 20,000 போதுமா என்று பாருங்கள்.

யூனிட்டில் கூலிக்குப் பணம் குறையும் சனிக்கிழமை கட்டாயம் வரும். உங்கள் கணக்கைத்தான் முதலில் கேட்பார். முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. கைமாத்து என்று சொல்லி, கொடுத்த தேதியையும் எந்த பில் வந்ததும் திரும்பும் என்பதையும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். பழையது வராமல் புதியது இல்லை என்ற ஒரு விதி போதும். நகையும் அப்படித்தான். உங்கள் பெயரில் அடகு வைத்தால் கடனும் வட்டியும் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

தனிக் கணக்கால் ஆகாதது ஒன்று. யூனிட்டின் ஓவர்டிராப்ட் கடனுக்கோ மெஷின் கடனுக்கோ நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், சம்பளம் எந்த வங்கியில் விழுந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. போட்டிருக்கிறீர்களா என்பதைக் கடன் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல, கோடு போடாமல் விட்ட வரிகளில் யாரென்று தெரியாத ஒருவருக்கு வாராவாரம் ஒரே தொகை போய்க்கொண்டிருந்தால் அது வட்டிக் கடனாக இருக்கலாம். அப்போது 'தெளிவுக்காக' என்று மூடிப் பேசுவது பொருந்தாது. அந்த வரியைக் காட்டி நேராகக் கேட்க வேண்டியதுதான்.

மூன்றாவது மாதம், தவணை பிடித்த அன்று சாயங்காலம், வீட்டுக் கணக்கில் என்ன மீதி என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். 20,000-க்குக் கீழே இருந்தால் 7,700 பற்றவில்லை, அல்லது ஏதோ ஒரு சனிக்கிழமை தவறியிருக்கிறது, அல்லது அந்த மாதச் சம்பளம் இன்னும் விழவில்லை.