பக்கத்து சீட்ல பழைய தோழி

"ஒன்பது வருஷ ஃப்ரெண்ட் சார். நம்பி சொன்ன வீட்டு விஷயத்த ஆபீஸ் முழுக்க சொல்லிட்டா. பெரிய சண்டை, பேச்சே இல்ல. ஆனா அடுத்த சீட்டு அவதான். காலைல கெளம்பும்போதே வயித்த பிசையுது. வேலைய விட்றலாமா?" – வாசகி, திருமங்கலம்

விட வேணாம்மா, இப்ப வேணாம். அந்த வயித்துப் பிசைச்சல் எந்நேரம் ஜாஸ்தியா இருக்குன்னு ஒரு வாரம் கவனிங்க. எங்கிட்ட வர்றவங்கள்ல நெறைய பேருக்கு பஸ் ஏறும்போதுதான் உச்சம், பில்லு குவிஞ்சு வேலை ஓட ஆரம்பிச்சா தன்னால கொறஞ்சிருது. அவ பக்கத்துல இருக்குறத விட, "பாத்தா சிரிக்கவா, மூஞ்சிய திருப்பிக்கவா"ன்னு தெனமும் புதுசா யோசிக்கிறதுதான் ஆள கொல்லுது. அத ஒரே தடவ முடிவு பண்ணிருங்க. உள்ள வந்ததும் அந்த வரிசைக்கே பொதுவா ஒரு வணக்கம், அதுல அவளும் அடக்கம், அம்புட்டுதான். வேலைப் பேச்சுன்னா எந்த பில்லு, எவ்வளவு, எத்தன மணிக்குள்ள வேணும், இந்த மூணு மட்டும். அவ குத்தலா ஒண்ணு சேத்து சொன்னா, அதுல வேலை சம்பந்தப்பட்ட பாதிக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனி பில்லிங் செக்சன்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, உங்க கததான். தண்ணி கேன் அந்தத் தோழி டேபிள் ஓரத்துல இருக்குன்னு மொதல்ல பேக்கிங் பக்கம் சுத்திப் போய் குடிச்சிருக்கு, பெறகு அங்கயும் அவ வர்றான்னு தண்ணி குடிக்கிறதையே கொறச்சு, கடைசில நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில நின்னுச்சு. ஒதுங்குனா அப்பத்திக்கு நிம்மதியாத்தான் இருக்கும், ஆனா பயம் அடுத்த இடத்தையும் புடிச்சுக்கும். நாங்க செஞ்சது ஒண்ணுதான், பதினோரு மணிக்கு ஆள் நடமாட்டம் இருக்கும்போது அதே கேன்ல ஒரு டம்ளர், நின்னு முழுசா குடிச்சிட்டு வரணும், பதட்டத்துக்கு பத்துக்கு எத்தனன்னு ஒரு மார்க் எழுதணும். மொத மூணு நாள் ஒன்பதுதான், "ஏமாத்திட்டீங்களே சார்"னு ஃபோன் வந்துச்சு. ரெண்டாவது வாரக் கடைசில அஞ்சு.

ஆனா சாப்பாட்ட மட்டும் அரை மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னேன். தண்ணியும் பிரிண்டரும் உங்க வேலைக்கு வேணும், கூட உக்காந்து சாப்பிடணும்னு யாரும் எழுதி வைக்கல. இதுல அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு: "பழக்கத்துல டிபன் மூடில உருளக்கெழங்கு பொரியல அவளுக்குன்னு எடுத்து வச்சிட்டேன் சார், அப்பறம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்." இது பயமில்ல, பிரிவு. இதுக்கு எங்கிட்ட டெக்னிக் கெடையாது, அழுதுட்டு சாப்பிடச் சொன்னேன்.

மானிட்டர கொஞ்சம் அங்கிட்டு திருப்பி, அவ அசையுறது கண்ணு ஓரத்துல படாம வச்சுக்கோங்க, ஓரக்கண்ணுக்கு அசைவுதான் சட்டுனு தெரியும். சீட்டு மாத்தச் சொல்லியும் கேளுங்க, கதைய சொல்லாம வேலைக் காரணம் மட்டும். ஒரு நாற்காலிய நகத்த மூணு பேரு கையெழுத்து கேப்பாங்க, அது தனிக் கொடும. ரெண்டு பேரையும் ரூமுக்குள்ள கூப்ட்டு "கை குடுத்துக்கோங்க"ன்னு சொல்ற மேனேஜரும் உண்டு, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க.

அத விட மோசம் நடுவுல வர்ற ஆளு. "நான் பேசி சேத்து வைக்கிறேன்"னு வருவாங்க, அவ சொன்னத இங்க சொல்லி, உங்க வாய்ல இருந்து ஒண்ண புடுங்கி அங்க கொண்டு போவாங்க. "அவளையே நேர்ல சொல்லச் சொல்லுங்க"ன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, நல்ல மனுசன்னா அதோட விட்ருவாரு, மத்தவரு மறுநாளும் புது செய்தியோட வந்து நிப்பாரு. கரண்டு கம்பத்துல "பிரிந்தவர் ஒன்று சேர"ன்னு நம்பர் ஒட்டிருக்கானே, அவங்கிட்ட கம்மல அடகு வச்சு காசு கட்டுனவங்களையே பாத்துட்டேன். கவுன்சலர்னு போர்டு மாட்டவும் இந்த நாட்டுல ஒருத்தரும் கேள்வி கேக்குறதில்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொன்னா, இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதான் ஆர்.சி.ஐ., குடுத்த பதிவு நம்பர் கேளுங்க, தர யோசிச்சா எந்திரிச்சு வந்துருங்க.

பேச்ச கொறைங்கன்னு சொன்னேன்ல, காசு விஷயத்துல அது ஆகாது. அவ லோனுக்கு நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தா, சண்ட போட்டதால அந்தக் கையெழுத்து அழியாது, அவ கட்டலைன்னா பேங்க் நேரா உங்ககிட்டயே வரலாம். வாங்குன லோனுக்கு நீங்களா வெலகவும் முடியாது, வேற ஆள ஜாமீன் போட பேங்க் ஒத்துக்கணும். அதனால பிராஞ்சுக்குப் போய் எவ்வளவு பாக்கி, தவணை ஒழுங்கா போகுதான்னு எழுத்துலயே கேளுங்க. குழுக்கடன், ஏலச்சீட்டு, கைமாத்து எதா இருந்தாலும் அவகிட்ட நேரா, வாட்சப்புல, தொகையும் தேதியும் மட்டும் போட்டு கேளுங்க, பழைய கணக்கு ஒரு வரி கூட வேணாம், "நீ செஞ்சது ஞாயமா"ன்னு ஒரு வார்த்த சேந்துச்சுன்னா பதில் அதுக்குத்தான் வரும், பணத்துக்கு வராது.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமோ சாப்பாடோ கெட்டுச்சுன்னா 14416க்கு போடுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.