லிஸ்ட்ல 'டு டான்ஸ்' மட்டும் ஏன் இடிக்குது?

"ஐ லைக் குக்கிங், டு டான்ஸ் அண்ட் ஸ்விம்மிங்"னு எழுதினேன், தப்புங்கிறாங்க. 'ஐ லைக் டு டான்ஸ்' சரிதானே?

தனியா சொன்னா சரிதாங்க, லைக்குக்கு அப்புறம் ரெண்டு வடிவமும் வரும், அதனாலதான் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தா இந்தத் தப்பு கண்ணுல மாட்டாது. சிக்கல் 'அண்ட்'ல இருக்கு. அது கோர்க்கிறதெல்லாம் ஒரே அச்சுல இருக்கணும், குக்கிங்னு ஆரம்பிச்சதும் படிக்கிறவர் அடுத்ததும் 'இங்'தான்னு எதிர்பார்ப்பார், நடுவுல 'டு' வந்தா இடறும்.

'குக்கிங், டான்சிங் அண்ட் ஸ்விம்மிங்'னு மாத்துங்க. இல்லைன்னா 'டு குக், டான்ஸ் அண்ட் ஸ்விம்', இங்க முதல் 'டு' மூணுக்கும் சேர்த்து வேலை செய்யும். மூணுக்குமே போட்டாலும் ஓகே, ரெண்டுக்குப் போட்டு ஒண்ணுக்கு விட்டாதான் கோணலா தெரியும் (நானும் நிறைய தடவை பண்ணிருக்கேன்). ஆனா லைக்குக்குப் பதிலா 'என்ஜாய்' போட்டீங்கன்னா 'இங்' மட்டும்தான், அங்க 'டு' வரவே வராது.