அடித் தட்டின் சுமை: இன்சுலேட்டர் சரம் பற்றிய கேள்வி பதில்

டிப்ளமோ மாணவி, ஊட்டி: சார், 110 கேவி லைனில் கம்பியை டவரிலிருந்து தாங்கித் தொங்கும் இன்சுலேட்டர் சரத்தின் ஏழு டிஸ்க்கும் ஒரே அச்சில் வார்த்தவை. அப்புறம் ஏன் வோல்டேஜைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை?

டிஸ்க்கில் குறை இல்லைம்மா, பக்கத்தில் நிற்கும் டவர்தான் காரணம். இரண்டு டிஸ்க் சேரும் இடத்தில் இரும்புத் தொப்பி இருக்கிறது. அதற்கும் டவருக்கும் நடுவே காற்று. அங்கே ஒரு சின்னக் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, உருவாகி, அதன் வழியே கொஞ்சம் கரண்ட் டவருக்குப் போய்விடுகிறது. கம்பியிலிருந்து மேலே ஏறும் கரண்ட் ஒவ்வொரு மூட்டிலும் இப்படிக் குறைந்துகொண்டே போகும். மேலே உள்ள எல்லா மூட்டுகளின் பங்கையும் சேர்த்துச் சுமப்பது அடி டிஸ்க்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டவர் பக்கக் கெப்பாசிட்டன்ஸ் டிஸ்க்கினுடையதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். உச்சி டிஸ்க் 1 என்றால் அடுத்தது 1.1, அதற்கடுத்தது 1.31. மேலே உள்ளவற்றின் கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்கை முந்தைய டிஸ்க்கின் அளவோடு கூட்டினால் அடுத்தது கிடைக்கும். ஏழாவது 3.89, மொத்தம் 13.99. ஒரு பேஸுக்கும் பூமிக்கும் இடையே 63.5 கேவி. அதில் உச்சி டிஸ்க்குக்கு 4.5, அடி டிஸ்க்குக்கு 17.7. சமமாகப் பிரிந்திருந்தால் ஆளுக்கு 9.1 வந்திருக்கும். நிஜ லைனில் கம்பியின் பக்கமிருந்தும் கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் கிடைப்பதால் நிலைமை இவ்வளவு மோசமாக இராது.

குன்னூர் வாசகர்: சரத்தின் எஃபிஷியன்சிக்கு 63.5-ஐ ஏழு மடங்கு 17.7-ஆல் வகுத்தால் 51 சதவீதம்தான் வருகிறது. பாதி கரண்ட் வீணா? எங்கள் வீட்டில் சாயங்காலம் லைட் மங்குவதும் இதனால்தானா?

இல்லைங்க, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. போட்ட டிஸ்க்குகளை எவ்வளவு பயன்படுத்திக்கொள்கிறோம் என்பதைத்தான் சரத்தின் எஃபிஷியன்சி சொல்கிறது. அடி டிஸ்க் அதன் எல்லையைத் தொடும்போது உச்சி டிஸ்க் கிட்டத்தட்ட சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மின்சாரம் வீணாவதாக அர்த்தம் இல்லை. லைட் மங்குவதற்கு உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரையும் அதிலிருந்து வரும் லைனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லைன் கான்ட்ராக்டர், மஞ்சூர்: இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு டிஸ்க் கூடப் போட்டால் தீர்ந்தது. அடி டிஸ்க்கின் சுமையைக் குறைக்கப் போடும் ரிங் எல்லாம் தண்டச் செலவு.

பாதி சரி. இடிச் சர்ஜுக்கும் அழுக்குக்கும் சரத்தின் நீளம் உதவும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே கணக்கில் எட்டாவது டிஸ்க்கைச் சேர்த்தால் அடி டிஸ்க்கின் பங்கு 17.7-லிருந்து 17.4-க்குத்தான் இறங்குகிறது. எஃபிஷியன்சியோ 46 சதவீதத்துக்குப் போய்விடும். சரம் நீளமாக நீளமாக, புதிதாகச் சேர்க்கும் டிஸ்க்கால் அடி டிஸ்க்குக்கு ஆறுதல் இல்லை.

ரிங் வேலை செய்யும் விதம் வேறு. அது கம்பியோடு இணைந்த உலோக வளையம், அடி டிஸ்க்குகளைச் சுற்றி நிற்கும். வளையத்துக்கும் அந்த மூட்டுகளுக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டன்ஸ் வந்துவிடுகிறது. டவருக்குப் போகும் கரண்டில் ஒரு பகுதியை அதுவே நேராக மூட்டுக்குக் கொடுத்துவிடும். அந்தப் பங்கு அடி டிஸ்க் வழியாக வர வேண்டியதில்லை. முழுச் சமம் வராது, ஏனென்றால் மேலே போகப் போக வளையத்தின் கை எட்டாது. சரத்தின் காற்று இடைவெளியும் வளையத்தால் கொஞ்சம் குறைகிறது. அதனால் பெரிய வளையமாகப் போட்டுவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது.

தேயிலை விவசாயி, கோத்தகிரி: என் தோட்டத்துக்கு மேலே போகும் லைன் பனிமூட்ட ராத்திரிகளில் உஸ்ஸென்று இரையும், நீலமாகவும் தெரியும். ரிங் போட்டால் நின்றுவிடுமா?

வெளிச்சம் எங்கே தெரிகிறது என்பதைப் பொறுத்தது. தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள். கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் முனையில் ஒரே இடத்தில் நீலமாக நின்றால் அது கொரோனா, கூர்முனையைச் சுற்றிய காற்றில் மின்சாரம் கசிவது. ரிங் அந்தக் கூர்முனைகளை மறைப்பதால் குறையும். டிஸ்க்கின் மேற்பரப்பில் மஞ்சள் பொறி இடம் மாறி மாறி ஓடினால், கோடையில் படிந்த தூசியை மூடுபனி நனைத்திருக்கிறது. ஈரம் சில இடங்களில் காய்ந்து, அந்த வறண்ட பட்டைகளில் பொறி தாண்டும். அப்போது மேலே போட்ட கெப்பாசிட்டன்ஸ் கணக்கு செல்லாது, ரிங்கும் உதவாது. டிஸ்க்கைக் கழுவ வேண்டும். ஒரு பெருமழைக்குப் பிறகு சத்தம் அடங்கினால் தூசிதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எதுவானாலும் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள், டவர் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

கூடலூர் வாசகர்: ஒரு 230 கேவி டவரில் ரிங் கம்பிக்குக் கீழே தொங்குவதைப் பார்த்தேன். அது டிசைனா?

படம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தொங்கும் சரத்தில் வளையத்தின் விளிம்பு அடி டிஸ்க் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ, சரத்தின் பக்கம் நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மூட்டுகளுக்கு எந்த உதவியும் இல்லை. பாலிமர் இன்சுலேட்டரில் இது இன்னும் ஆபத்து. நடுவில் உலோக மூட்டே இல்லாததால் அழுத்தம் முனையில் குவிந்து, ரப்பர் உறை மெல்ல மெல்ல அரித்துப்போகும்.

மஞ்சூர் கான்ட்ராக்டர் மறுபடியும்: அப்போ 110 கேவி பாலிமருக்கும் ரிங் கட்டாயமா?

அதில் ஒரே கருத்து இல்லை அண்ணே. சிலர் போடுகிறார்கள், சிலர் தேவையில்லை என்கிறார்கள். முனை வடிவத்தைப் பொறுத்து இரண்டும் சரியாக இருக்கலாம். ஈரம் அதிகமுள்ள நம் மலைக்கு நான் போடச் சொல்வேன்.